கேமிங், இன்ஃப்ரா காயின்கள்: ரொட்டேஷன் தொடங்குகிறதா, முடிகிறதா?

பிட்காயின் தவிர்த்த மற்ற காயின்களான ஆல்ட்காயின்களின் சந்தையைச் சில மாதங்கள் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே காயின்கள் தனித்தனியாக ஏறுவது குறைவு. பெரும்பாலும் ஒரு வகைக் காயின்கள் சேர்ந்து ஏறும், பிறகு அது ஓய்ந்து இன்னொரு வகை ஏறும். ஒரு மாதம் எல்லோரும் கேமிங் காயின்களைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்த சில மாதங்களில் பேச்சு முழுக்க இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பக்கம் போயிருக்கும். இந்த வகைகளைத்தான் செக்டார் என்கிறார்கள். வாங்குபவர்களின் கவனமும் பணமும் ஒரு செக்டாரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதற்கு ரொட்டேஷன் என்று பெயர்.

கேமிங் காயின் என்பது ஒரு விளையாட்டுக்குள் புழங்கும் டோக்கன், அல்லது அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனமோ நெட்வொர்க்கோ வெளியிட்ட டோக்கன். ஆக்ஸி இன்ஃபினிட்டியின் AXS, தி சாண்ட்பாக்ஸின் SAND, டிசென்ட்ராலேண்டின் MANA, காலாவின் GALA எல்லாம் இந்த வகை. இன்ஃப்ரா காயின் என்பது மற்ற திட்டங்கள் ஓடுவதற்கான அடித்தளத்தைத் தரும் நெட்வொர்க்கின் டோக்கன். வெளியுலகத் தகவலை பிளாக்செயினுக்குள் கொண்டுவரும் செயின்லிங்க், கோப்புகளைச் சேமிக்கும் ஃபைல்காயின், மற்ற செயின்களின் தரவைப் பதிந்துவைக்கும் செலஸ்டியா போன்றவை இதில் வரும்.

ஒரே செக்டார் காயின்கள் ஏன் சேர்ந்து அசைகின்றன? அவற்றின் தொழில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் அது காரணம் இல்லை. ஆக்ஸியில் ஒருவர் விளையாடினால் சாண்ட்பாக்ஸுக்கு ஒரு பைசா வருமானமும் வராது. வாங்குபவர்கள் இவற்றை ஒரே பட்டியலில் பார்க்கிறார்கள் என்பதுதான் பிணைப்பு. காயின்கெக்கோ, காயின்மார்க்கெட்கேப் போன்ற தளங்களில் இவை ஒரே பிரிவின் கீழ் வரிசையாக இருக்கும். முதல் காயின் ஏறிவிட்டால், தவறவிட்டவர் அதே பட்டியலில் இன்னும் ஏறாததைத் தேடி வாங்குவார். ரொட்டேஷனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பழக்கத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் நிறைய தேவைப்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கேமிங் செக்டாருக்குள் 500 கோடி டாலர் பாய்ந்தது" என்று செய்திகளில் வரும்போது, அவ்வளவு பணம் உள்ளே வந்ததாக அர்த்தம் இல்லை. காயினின் விலையை, புழங்கும் காயின்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது சந்தை மதிப்பு. அது உயர்ந்த அளவுதான் இது, அவ்வளவுதான். 100 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு காயினில் விற்பனைக்கு நிற்கும் ஆர்டர்கள் குறைவாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 லட்சம் டாலருக்கு வாங்கினாலே விலை 5 சதவீதம் ஏறிவிடலாம். உள்ளே வந்தது 10 லட்சம், கூடிய மதிப்பு 5 கோடி. இறங்கும்போதும் இதே கணக்குதான், தலைகீழாக. அதனால்தான் இந்த ரொட்டேஷன்கள் அவ்வளவு வேகமாக ஏறுகின்றன, அதே வேகத்தில் கரைகின்றன.

சரி, ஒரு செக்டார் ஏறத் தொடங்கிவிட்டது. இது தொடக்கமா, முடிவா? எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அது உதவாது. 2021 ஜூலையில் AXS ஒரே மாதத்தில் பல மடங்கு ஏறியது, "இனி தாமதம்" என்று ஒதுங்கியவர்கள் அதற்குப் பிறகு வந்த நான்கு மடங்கைத் தவறவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் SAND பத்து மடங்கு ஏறியது, "ஆக்ஸி இதைவிட அதிகம் ஏறியிருக்கிறதே" என்று வாங்கியவர்கள் உச்சத்தில் மாட்டினார்கள். ஏறிய அளவு இரண்டு இடத்திலும் பிரமாண்டம்தான். அதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

எதை வைத்துப் பிரிப்பது என்பதற்கு 2021 கேமிங் ரொட்டேஷனைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. தொடக்கம், நடு, முடிவு மூன்றும் சில மாதங்களுக்குள் நடந்தன, தேதிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தொடக்கம். 2021 மே மாதத்தில் மொத்தச் சந்தையும் பலமாக விழுந்தது. ஜூன், ஜூலையில் பெரும்பாலும் பிட்காயின் 30,000 டாலருக்கும் 40,000 டாலருக்கும் இடையில் சோர்ந்து கிடந்தது. ஜூலை 20 அன்று 30,000 டாலருக்குக் கீழேயும் போனது. யாருக்கும் ஆல்ட்காயின் வாங்கும் மனநிலை இல்லாத அந்த நேரத்தில் AXS ஏறிக்கொண்டிருந்தது. ஜூன் முடிவில் 5 டாலர் சுற்றி இருந்தது, ஜூலை முடிவில் 40 டாலர் சுற்றி வந்துவிட்டது.

இங்கே டாலர் விலையைவிட பிட்காயினோடு ஒப்பிட்ட விகிதம்தான் முக்கியம். கணக்கு எளிது. காயினின் விலையை பிட்காயினின் விலையால் வகுத்தால் போதும். ஜூன் முடிவில் AXS 5, பிட்காயின் 35,000, விகிதம் சுமார் 0.00014. ஜூலை முடிவில் AXS 40, பிட்காயின் 41,500, விகிதம் சுமார் 0.00096. டாலரில் எட்டு மடங்கு, பிட்காயின் கணக்கில் ஏறக்குறைய ஏழு மடங்கு. சந்தையின் பொதுவான அசைவைக் கழித்த பிறகும் இவ்வளவு மிஞ்சுகிறது என்றால், அந்தக் காயினுக்கென்றே வாங்குபவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிரேடிங்வியூ தளத்தில் இதை நீங்களே வரைந்து பார்க்கலாம். தேடும் பெட்டியில் இப்படித் தட்டினால் போதும்:

```
BINANCE:AXSUSDT/BINANCE:BTCUSDT
```

சந்தை முழுவதும் ஏறும்போது இந்த விகிதம் ஏறுவதும், சந்தை சோர்ந்திருக்கும்போது ஏறுவதும் ஒன்றல்ல. பிட்காயின் ஏறினால் லாபத்தில் கொஞ்சத்தைச் சிறிய காயின்களில் போடுவது பலருக்கும் வழக்கம். அந்த நேரத்தில் எந்த செக்டாரும் பலமாகத் தெரியும். சந்தை பயத்தில் இருக்கும்போது ஒரு செக்டாரின் ஒன்றிரண்டு காயின்கள் மட்டும் விழாமல் நின்றால், அல்லது ஏறினால், தொடக்கத்துக்கான நல்ல அடையாளம் அது. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜூலையில் ஆக்ஸி ஏறியபோது மற்ற கேமிங் காயின்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை. தலைவன் முன்னே போகும், கூட்டம் இன்னும் திரும்பிப் பார்த்திருக்காது. தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் நடுப்பகுதி. AXS செப்டம்பரில் பலமாக இறங்கி, அக்டோபர் தொடக்கத்தில் புது உச்சத்துக்குப் போனது. தலைவன் இறங்கி, மீண்டும் எழுந்து, பழைய உச்சத்தைத் தாண்டுவது நடுப்பகுதியின் அடையாளம். முதலில் தவறவிட்டவர்கள் இறக்கத்துக்காகக் காத்திருந்து அப்போதுதான் உள்ளே வருவார்கள். ஆக்ஸியை உருவாக்கிய ஸ்கை மேவிஸ் நிறுவனம் அந்த அக்டோபரில் 15.2 கோடி டாலர் முதலீடு திரட்டியது. பெரிய முதலீட்டு நிறுவனங்களின் அறிவிப்புகள் வரத் தொடங்கினால் செக்டார் தொடக்கத்தைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் முடிவு. 2021 அக்டோபர் 28 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. எந்தக் கேமிங் டோக்கனையும் அது வாங்கவில்லை, எந்தத் திட்டத்தோடும் ஒப்பந்தம் போடவில்லை. ஆனால் 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல் ஒரே நாளில் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. அதுவரை 80 சென்ட் அளவில் இருந்த SAND, MANA இரண்டும் கிளம்பின. பட்டியலில் இன்னும் ஏறாததைத் தேடும் பழக்கத்தைச் சொன்னேன் அல்லவா, அது இங்கே முழு வேகத்தில் வேலை செய்தது.

இப்போது உச்சங்களின் தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். AXS உச்சம் தொட்டது நவம்பர் 6, சுமார் 165 டாலர். பிட்காயின் உச்சம் நவம்பர் 10, சுமார் 69,000 டாலர். SAND, MANA இரண்டும் உச்சம் தொட்டது நவம்பர் 25. SAND 8 டாலரைத் தாண்டியது, MANA 6 டாலரை நெருங்கியது. GALA அதற்கு மறுநாள். அதாவது செக்டாரின் தலைவனும் நின்றுவிட்டான், மொத்தச் சந்தையின் தலைவனும் நின்றுவிட்டான், அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பின்னால் வந்தவை மட்டும் ஏறிக்கொண்டிருந்தன.

முடிவு நெருங்கியதைக் காட்டும் அடையாளங்களில் நான் மிக அதிகம் நம்புவது இதைத்தான். தலைவன் புது உச்சம் தொட மறுக்கிறது, பின்வரிசைக் காயின்கள் பறக்கின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு இது செக்டார் இன்னும் பலமடைவது போலவே தெரியும். முன்பு ஒரு காயின்தான் ஏறியது, இப்போது பத்து ஏறுகின்றன, எனவே இது பரவுகிறது என்று தோன்றும். ஒரு விதத்தில் பரவுவது உண்மைதான். ஆனால் ஏன் பரவுகிறது என்று கேளுங்கள். 150 டாலருக்கு AXS வாங்க ஆளில்லாததால்தான் பணம் 3 டாலர் காயினைத் தேடுகிறது. முன்பே வைத்திருப்பவர்கள் தலைவனை விற்கிறார்கள், புதிதாக வருபவர்கள் 'மலிவாக'த் தெரிவதை வாங்குகிறார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு தேதி உண்டு. தி சாண்ட்பாக்ஸ் தன் விளையாட்டின் ஆல்ஃபா பதிப்பைத் திறந்தது 2021 நவம்பர் 29 அன்று. அதுவும் எல்லோருக்கும் முழுமையாக அல்ல, குறைந்த காலத்துக்கு மட்டும். டோக்கன் உச்சம் தொட்டதோ நான்கு நாள் முன்பு. விளையாட வாசல் திறப்பதற்கு முன்பே விலை தன் உச்சத்தைப் பார்த்துவிட்டது. காலண்டரில் எல்லோருக்கும் தெரிந்த தேதிக்காக முன்கூட்டியே வாங்கியவர்கள், அந்தத் தேதி நெருங்கும்போது விற்பார்கள். எனவே "அடுத்த வாரம் வெளியீடு இருக்கிறது" என்பது ரொட்டேஷனின் பிற்பகுதியில் வாங்கக் காரணமே இல்லை. பெரும்பாலும் அது விற்பவர்களுக்கான தேதி.

இதுவரை விலையை மட்டும் பார்த்தோம். விலைக்கு அடியில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். ஆக்ஸியில் இரண்டு டோக்கன்கள் உண்டு. AXS முதலீட்டாளர்கள் கையில் வைத்திருப்பது. SLP விளையாடுபவர்கள் ஜெயித்துச் சம்பாதிப்பது. 2021இல் விளையாட்டில் சேர மூன்று ஆக்ஸி உயிரினங்களை வாங்க வேண்டியிருந்தது. அவற்றை இனப்பெருக்கம் செய்து புதியவற்றை உருவாக்கி விற்கலாம், ஒன்றை ஏழு முறைவரை அப்படிப் பயன்படுத்தலாம். இனப்பெருக்கத்துக்கு SLP செலவாகும், அப்படிச் செலவாகும் SLP எரிக்கப்பட்டுவிடும், அதாவது புழக்கத்திலிருந்தே நீங்கிவிடும். ஆக்ஸி சந்தையில் நடந்த ஒவ்வொரு விற்பனைக்கும் அப்போது 4.25 சதவீதக் கட்டணம் இருந்தது.

இதில் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து பாருங்கள். விளையாடுபவர் SLP சம்பாதித்து விற்கிறார். அதை வாங்குபவர் இனப்பெருக்கம் செய்பவர். அவர் அதற்குச் செலவழிப்பது, பிறக்கும் ஆக்ஸியை யாரிடமாவது விற்க முடியும் என்பதற்காக. அந்த யாரோ, புதிதாகச் சேர்பவர். ஆகக் கடைசியில் எல்லோருடைய சம்பாத்தியமும் புதிதாகச் சேர்பவர் கொண்டுவரும் பணம்தான். விளையாட்டை ரசித்து, திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் செலவழிப்பவர்கள் மிகக் குறைவு. சேர்பவர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடிக்கொண்டே போகும்வரை இது நிற்கும். அந்த வேகம் மட்டுப்பட்டாலே போதும், SLP எரிவது குறைந்து, பிறப்பது மலைபோல் குவியும்.

நடந்ததும் அதுதான். SLP 2021 ஜூலை நடுவில் 40 சென்ட்டை நெருங்கி உச்சம் தொட்டது. AXS உச்சத்துக்கு நான்கு மாதம் முன்பு! ஆக்ஸியின் மாத வருமானம் ஆகஸ்டில் உச்சம் தொட்டு அதன் பிறகு குறைந்தது. AXS 165 டாலரில் நின்ற நவம்பரில் SLP 10 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் நிறுவனமே, SLP எரிவதைப் போல நான்கு மடங்கு தினமும் பிறக்கிறது என்று சொல்லி, அது கிடைக்கும் வழிகளை வெட்டியது. அதற்குள் SLP ஒரு சென்ட் அளவுக்குச் சரிந்திருந்தது.

இந்தக் கதையில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை விளக்காமல் விட மனமில்லை. தினசரி விளையாடுபவர்களின் எண்ணிக்கை ஜூலையிலோ ஆகஸ்டிலோ உச்சம் தொடவில்லை. அது நவம்பர்வரை ஏறிக்கொண்டே போய் 27 லட்சம் அளவைத் தொட்டது. "பயனர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அடிப்படை பலமாக இருக்கிறது" என்று அப்போது சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 27 லட்சம் பேரில் பெரும்பாலானோர் பணம் எடுக்க வந்தவர்கள், கொடுக்க வந்தவர்கள் அல்ல. கேமிங் காயினில் தலைகளை எண்ணுவது போதாது. உள்ளே பணம் போடும் தலை எது, வெளியே எடுக்கும் தலை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மிக எளிய அளவுகோல் விளையாடுபவர் சம்பாதிக்கும் டோக்கனின் விலை. பரிசாகக் கிடைக்கும் டோக்கனின் விலை இறங்கிக்கொண்டும், அதே விளையாட்டின் முதலீட்டு டோக்கன் ஏறிக்கொண்டும் இருந்தால், விலையை ஏற்றுவது விளையாட்டு அல்ல, அதைப் பற்றிய எதிர்பார்ப்பு.

இந்த அளவுகோலின் குறையையும் மறைக்கக்கூடாது. SLP உச்சத்தைப் பார்த்துவிட்டு ஜூலையிலேயே வெளியேறியவர், AXS 40 டாலரிலிருந்து 165 டாலர் போவதைக் கையில் ஒன்றும் இல்லாமல் பார்த்திருப்பார். அடியில் இருக்கும் தொழில் பலவீனமாகிறது என்று அது சரியாகவே சொன்னது. எப்போது விழும் என்று அதனால் சொல்ல முடியவில்லை. காலத்தைச் சொன்னது தலைவன், பின்வரிசை உச்சங்களின் வரிசைதான். எனவே முதல் அளவுகோலை எச்சரிக்கையாக வைத்துக்கொண்டு, இரண்டாவதைப் பார்த்துச் செயல்படுவதே நான் பரிந்துரைக்கும் முறை. பயன்பாடு பலவீனமாகிவிட்டால் இது நீண்டகாலம் வைத்திருக்கும் காயின் அல்ல என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தலைவன் நின்று கூட்டம் ஓடத் தொடங்கினால் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள்.

இன்ஃப்ரா காயின்களுக்கு வருவோம். இங்கே பயனர் என்பவர் விளையாடுபவர் அல்ல, அந்த நெட்வொர்க்கின் மேல் வேறு ஒன்றைக் கட்டும் டெவலப்பர். அவர்கள் வருவதும் போவதும் மெதுவாக நடக்கும். அதனால் SLP போல வாராவாரம் பார்க்கும் எளிய அளவுகோல் இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக இங்கே முக்கியமாக வருவது டோக்கன் வரத்து. இன்ஃப்ரா திட்டங்களுக்குத் துணிகர முதலீடு நிறைய வரும். அந்த முதலீட்டாளர்களுக்கும் குழுவினருக்கும் ஒதுக்கிய டோக்கன்கள் தொடக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் ஓராண்டு கழித்துத் திறக்கத் தொடங்கும். இதற்குத்தான் அன்லாக் என்று பெயர்.

செலஸ்டியாவை எடுத்துக்கொள்வோம். அதன் TIA டோக்கன் 2023 அக்டோபர் 31 அன்று வெளியானது. முதலில் 2 டாலர் அளவில் வர்த்தகமானது. மொத்தம் 100 கோடி டோக்கன்கள், அன்று சந்தையில் புழங்கியது சுமார் 14 கோடி மட்டும். ஒரு பெரிய செயின் எல்லா வேலையையும் செய்வதற்குப் பதிலாக வேலைகளைப் பிரித்துக்கொடுக்கலாம் என்ற 'மாடுலர்' சிந்தனை அப்போது பேசப்பட்டது, செலஸ்டியா அதன் தலைவன். TIA-வை நெட்வொர்க்கில் பூட்டிவைத்து ஸ்டேக் செய்தவர்களுக்குப் புதிய திட்டங்கள் இலவச டோக்கன் தரும் என்ற எதிர்பார்ப்பும் பரவியது. அப்படித் தந்த திட்டங்களும் இருந்தன. 2024 பிப்ரவரியில் TIA 20 டாலரைத் தொட்டது.

அந்த விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது புழங்கிய டோக்கன்கள் 16, 17 கோடி என்று வைத்தால், சந்தை மதிப்பு 330 கோடி டாலர் சுற்றி வரும். மொத்த டோக்கன்களையும் எண்ணினால் 2,000 கோடி டாலருக்கும் மேல். முதல் எண், இன்று வாங்குபவர்கள் தாங்கும் சுமை. இரண்டாவது எண், வரும் ஆண்டுகளில் அவர்கள் தாங்க வேண்டியிருக்கும் சுமை. இரண்டுக்கும் ஆறு மடங்கு இடைவெளி. நெட்வொர்க்குக்கு வந்த கட்டண வருமானம் இந்த எண்களின் பக்கத்தில்கூட வைக்க முடியாத அளவுக்குச் சிறியது.

2024 அக்டோபர் 30 அன்று சுமார் 17.5 கோடி TIA திறக்கப்பட்டது. அன்று புழக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய 80 சதவீதம்! விலை அப்போது 5 டாலர் சுற்றி இருந்ததால் கிட்டத்தட்ட 87 கோடி டாலர் மதிப்பு. இந்தத் தேதி முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். எனவே விலை அன்று ஒரேயடியாக விழவில்லை, அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் 20 டாலரிலிருந்து 5 டாலருக்கு வந்திருந்தது. அதன் பிறகும் வரத்து தொடர்ந்தது, 2025 நடுவில் விலை 2 டாலருக்கும் கீழே போனது.

ஆக, ஒரு இன்ஃப்ரா காயின் ஏறும்போது ரொட்டேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க, விலை வரைபடத்தோடு அன்லாக் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அட்டவணையைத் திட்டங்களே வெளியிடுகின்றன, அதைத் தொகுத்துத் தரும் தளங்களும் உண்டு. பெரிய அன்லாக் ஓராண்டு தள்ளி இருக்கும்போது விற்க முடியாதவர்கள் நிறைய, விற்கக்கூடியவர்கள் குறைவு, விலை எளிதாக ஏறும். அதே காயின் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை ஏற முயலும்போது நிலைமை வேறு. பூட்டப்பட்ட டோக்கன் வைத்திருப்பவர்கள் விலை இறங்கினால் லாபம் தரும் ஒப்பந்தங்களை வேறு சந்தைகளில் எடுத்துத் தங்கள் லாபத்தை முன்பே காத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பார்கள். இந்த இரண்டு ஏற்றங்களுக்கும் ஒரே அளவு நம்பிக்கை வைப்பது தவறு.

இரண்டு செக்டாருக்கும் பொதுவாக, தாமதத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கிறது. அது ஃபண்டிங் ரேட். காயினை வாங்காமலே அதன் விலை மேல் பந்தயம் கட்ட உதவும், காலாவதி இல்லாத ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களில், ஏறும் என்று பந்தயம் கட்டியவர்கள் அதிகமாக இருந்தால், அவர்கள் எதிர்ப்பக்கத்தினருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கட்டணம் தர வேண்டும். பல எக்ஸ்சேஞ்சுகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சாதாரண நாட்களில் இது 0.01 சதவீதம் அளவில் இருக்கும். ஒரு செக்டாரின் காயின்கள் பலவற்றில் இது 0.1 சதவீதமாகி அங்கேயே நின்றால், ஒரு நாளைக்கு 0.3, ஒரு மாதத்துக்கு 9 சதவீதம். அவ்வளவு கொடுத்தும் வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அவர்கள் கடன் வாங்கி அவசரமாக உள்ளே வந்தவர்கள். லேசான இறக்கத்திலேயே அவர்களுடைய பந்தயங்கள் தானாக மூடப்படும், அது இறக்கத்தை இன்னும் பெரிதாக்கும். மாறாக விலை ஏறியும் ஃபண்டிங் சாதாரணமாகவே இருந்தால், வாங்குவது பெரும்பாலும் கையில் காசு வைத்திருப்பவர்கள். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் தவறாகும் இடங்களும் உண்டு. அடிக்கடி ஏமாற்றுவது போலித் தொடக்கம். ஒரு காயின் பெரிய எக்ஸ்சேஞ்சில் புதிதாகப் பட்டியலிடப்படும்போது பிட்காயின் விகிதம் திடீரென்று ஏறும், அதைச் செக்டார் கிளம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். இதைக் கண்டுபிடிக்க அவசரப்படாமல் இரண்டு, மூன்று வாரம் பார்த்தால் போதும். உண்மையான தொடக்கமாக இருந்தால், முதல் ஏற்றம் ஓய்ந்து இறங்கும்போது விகிதம் கிளம்பிய இடத்துக்கே திரும்பாது, அதே செக்டாரின் இரண்டாவது, மூன்றாவது பெரிய காயின்களின் விகிதமும் மெல்லத் தலைதூக்கும். பட்டியலிட்டதால் வந்த ஏற்றமாக இருந்தால் வால்யூம் சில நாளில் வற்றி, விகிதம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு சிக்கல், பிட்காயின் பலமாக விழும்போது எல்லா செக்டாரும் சேர்ந்து விழும் என்பது. அப்போது தலைவன் புது உச்சம் தொடவில்லை என்பதை வைத்து ரொட்டேஷன் முடிந்ததாகச் சொல்லக்கூடாது. டாலர் விலையை விட்டுவிட்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். பிட்காயின் 15 சதவீதம் விழுந்து தலைவனும் 15 சதவீதமே விழுந்தால் விகிதம் அசையவில்லை, செக்டார் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆல்ட்காயின்கள் வழக்கமாக பிட்காயினைவிட அதிகம் விழுபவை என்பதால், சமமாக விழுவதே பலம்தான்.

நடைமுறையில் செய்ய, ஒரு செக்டாருக்கு நான்கைந்து காயின்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பிட்காயின் விகிதங்களை வார வரைபடத்தில் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கத் தேவையில்லை, தினசரி அசைவில் சத்தம்தான் அதிகம். ஒவ்வொரு வாரமும் எது முன்னே போகிறது, முந்தைய உச்சத்தை எது தாண்டியது, எது தாண்டவில்லை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தலைவனின் விகிதம் முந்தைய உச்சத்துக்குக் கீழேயே திரும்பி, அதே வாரங்களில் நான்காவது, ஐந்தாவது காயின்கள் அதிகம் ஏறியிருந்தால், அந்தப் பின்வரிசைக் காயின்கள் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் அவற்றில் புதிய பணம் போடும் நேரம் முடிந்துவிட்டது.